கிராஃப் தட்டையான இடம்தான் வி-மேக்ஸா? எனக்கு கே-எம் 0.25, சீனியர் ரெக்கார்டில் 0.6

குவெட்காரி | பிப்ரவரி 3, இரவு 9.40

எம்.எஸ்சி. முதலாண்டு செய்முறை. என்சைம் அல்கலைன் பாஸ்ஃபடேஸ். அது வேலை செய்யும் பொருள், அதாவது சப்ஸ்ட்ரேட், பாரா-நைட்ரோஃபீனைல் பாஸ்ஃபேட். பாஸ்ஃபேட் கழன்றதும் மஞ்சள் வரும், 405 நானோமீட்டரில் படிக்கிறோம். ஆறு செறிவு வைத்தேன்.

செறிவு மில்லிமோலாரில், வேகம் நிமிடத்துக்கு மைக்ரோமோலாரில்:

0.05 → 4.0
0.1 → 8.6
0.2 → 15.1
0.4 → 23.8
0.6 → 30.2
0.8 → 34.1

கிராஃப் தாளில் புள்ளிகளைப் போட்டு கையால் வளைகோடு இழுத்தேன். மேலே போகப் போக வளைந்து 35 பக்கம் படுக்கிறது. அதனால் உச்ச வேகம், அதாவது வி-மேக்ஸ், 35. பாதி 17.5. அங்கிருந்து குறுக்கே போய்க் கீழே இறங்கினால் 0.25. ஆக பாதி வேகத்துக்கு வேண்டிய செறிவு, அதாவது கே-எம், 0.25 மில்லிமோலார்.

போன வருடம் இதே குப்பியிலிருந்து எடுத்த என்சைமுக்கு சீனியர் அக்கா ரெக்கார்டில் 0.6 எழுதியிருக்கிறார். வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல். என்சைம் ஒரு வருடத்தில் பாழாகிவிட்டது என்று என் பெஞ்சுத் தோழி சொல்கிறாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என்சைம் செத்தால் வேகம் குறையும், கே-எம் ஏன் குறைய வேண்டும்?

நேர்கோடு | பிப்ரவரி 3, இரவு 10.15

வளைகோட்டைக் கையால் இழுத்து வி-மேக்ஸ் படிக்கிற வேலையே வேண்டாம். 1934-இலேயே லைன்வீவரும் பர்க்கும் இதற்கு வழி சொல்லிவிட்டார்கள். இரண்டு அச்சையும் தலைகீழாக்குங்கள். ஒன்றை வேகத்தால் வகுத்தது செங்குத்தில், ஒன்றைச் செறிவால் வகுத்தது கிடையில். நேர்கோடு வரும். செங்குத்து அச்சை வெட்டும் இடத்தைத் தலைகீழாக்கினால் வி-மேக்ஸ். பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பழைய பெஞ்சு | பிப்ரவரி 4, காலை 6.05

குவெட்காரி, உங்கள் கடைசி கேள்வி சரியான கேள்வி. என்சைமில் பாதி செத்துப்போனால் மிச்சப் பாதி முன்பு போலவே வேலை செய்யும். வி-மேக்ஸ் பாதியாகும், கே-எம் அப்படியே நிற்கும். அதனால் தோழி சொல்வது இதற்கு விளக்கம் ஆகாது.

நீங்கள் கொடுத்த எண்களிலேயே பதில் இருக்கிறது. 0.4-இலிருந்து 0.8-க்குப் போகும்போது செறிவு இரட்டிப்பாகிறது. வேகம் 23.8-இலிருந்து 34.1 ஆகிறது, அதாவது 43 சதவீதம் ஏறுகிறது. உண்மையிலேயே தட்டையான இடத்தில் இருந்தால் செறிவை இரட்டித்தாலும் வேகம் அசையக் கூடாது. 43 சதவீதம் ஏறுகிற இடத்துக்குத் தட்டை என்று எப்படிப் பெயர் வைப்பது?

உங்கள் தாள் 0.8-இல் முடிகிறது, அவ்வளவுதான். கண் தாளின் ஓரத்தை வளைகோட்டின் முடிவாக எடுத்துக்கொள்கிறது. சப்ஸ்ட்ரேட்டை 1.5, 3, 6 மில்லிமோலார் வரை கொண்டுபோங்கள்.

குவெட்காரி | பிப்ரவரி 4, மதியம் 1.30

காலையில் இதைப் படித்துவிட்டு அதே எண்களைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன்.

v = Vmax × [S] / (Km + [S])

0.4-க்கும் 0.8-க்கும் உள்ள விகிதம் 1.433. விகிதம் எடுத்தால் வி-மேக்ஸ் அடிபட்டுப் போகிறது, கே-எம் மட்டும் மிச்சம். கணக்குப் போட்டால் 0.61 வருகிறது. சீனியர் அக்காவின் எண்! நான் கிராஃபில் 0.25 படித்த அதே அளவுகளிலிருந்து.

இரண்டே புள்ளியை வைத்து முடிவு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மதியம் லேபில் இடம் கிடைத்தால் மூன்று குழாய் கூடப் போடுகிறேன்.

சேலத்து மாமா | பிப்ரவரி 4, மாலை 5.20

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற பெயரைப் பார்த்ததும் நின்றேன். என் ரத்தப் பரிசோதனைத் தாளில் அதே பெயருக்கு நேரே எண் அதிகம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். என் உடம்பில் அந்த என்சைமுக்குச் சப்ஸ்ட்ரேட் மேல் ஈர்ப்பு அதிகம் என்று அர்த்தமா? இந்தக் கே-எம் எனக்கு எவ்வளவு இருக்கும்?

குவெட்காரி | பிப்ரவரி 4, இரவு 8.10

மூன்று குழாயும் போட்டாச்சு.

1.5 → 42.6
3 → 50.3
6 → 54.2

35-இல் படுத்துவிட்டது என்று நினைத்த வளைகோடு 54-க்குப் போய்விட்டது. இன்னமும் ஏறிக்கொண்டிருக்கிறது. புதுத் தாளில் 6 வரை அச்சு போட்டு ஒன்பது புள்ளியையும் வைத்தேன். நேற்று முழுத் தாளையும் நிறைத்துக்கொண்டு அழகாக வளைந்த அந்த ஆறு புள்ளியும் இப்போது இடது ஓரத்தில் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும் ஒரு துண்டு. அதே புள்ளிகள்தான். எனக்குப் புரிய இந்தப் படம் ஒன்றே போதும்.

பழைய பெஞ்சு | பிப்ரவரி 5, காலை 5.50

சேலத்து மாமாவுக்கு முதலில். ஐயா, அந்தத் தாளில் இருப்பது உங்கள் ரத்தத்தில் அந்த என்சைம் எவ்வளவு வேலை செய்கிறது என்ற அளவு. அதை அளக்கிறவர்கள் வேண்டுமென்றே சப்ஸ்ட்ரேட்டை அளவுக்கு மிஞ்சிக் கொட்டுகிறார்கள். அப்படிக் கொட்டினால் வேகம் சப்ஸ்ட்ரேட்டைப் பொறுத்திருக்காது, என்சைம் எத்தனை இருக்கிறதோ அதை மட்டும் பொறுத்திருக்கும். இங்கே நாங்கள் தேடித் தவிக்கிற அந்தத் தட்டையான பகுதியில்தான் உங்கள் ரத்தத்தை வைத்துப் படித்திருக்கிறார்கள். ஈர்ப்பு பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. கல்லீரல், எலும்பு இரண்டிலிருந்தும் இந்த என்சைம் ரத்தத்துக்கு வரும். வளர்கிற பிள்ளைகளுக்கு எலும்பிலிருந்து வருவதால் இயல்பாகவே அதிகம் இருக்கும். உங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

குவெட்காரி, இப்போது ஒரு கணக்கு. கே-எம் 0.6, வி-மேக்ஸ் 60 என்றே வையுங்கள். செறிவு கே-எம்முக்குச் சமமானால் வேகம் பாதி. மூன்று மடங்கானால் முக்கால். 90 சதவீதம் போக ஒன்பது மடங்கு வேண்டும், 95 போகப் பத்தொன்பது மடங்கு. உங்கள் 6 மில்லிமோலார் பத்து மடங்கு, அதனால்தான் 54. முழு 60-ஐ எந்தக் குழாயிலும் நீங்கள் பார்க்கவே போவதில்லை. 99 சதவீதத்துக்குக் கே-எம்மைப் போல 99 மடங்கு வேண்டும். அவ்வளவு சப்ஸ்ட்ரேட் கரையாமல் போகலாம். கரைந்தாலும் சில என்சைம்கள் சப்ஸ்ட்ரேட் மிகுதியாலேயே தடைபட்டு வேகம் குறையத் தொடங்கும். ஆகவே வி-மேக்ஸ் என்பது அளந்து பார்க்கிற எண்ணே அல்ல. வளைகோட்டின் வடிவத்திலிருந்து ஊகித்தெடுக்கிற எண்.

யாழ்ப்பாணத்துப் பொடியன் | பிப்ரவரி 5, மாலை 4.00

நான் உயர்தரம் உயிரியல் படிக்கிறன். நாங்கள் சப்ஸ்ட்ரேட்டைக் கீழ்ப்படை எண்டும் என்சைமை நொதியம் எண்டும் சொல்லுவம். எங்கட வினாத்தாளில வரைபடம் தந்து உச்ச வேகத்தையும் அரைவாசி வேகத்தில கீழ்ப்படைச் செறிவையும் வாசிக்கச் சொல்லுவினம். ஐயா சொல்லுறதைப் பாத்தா தட்டையான இடத்தில வாசிக்கிறது பிழையோ? பரீட்சையில என்ன எழுத?

நேர்கோடு | பிப்ரவரி 5, மாலை 6.30

தம்பி, பரீட்சையில் தட்டையான இடத்தைத்தான் எழுத வேண்டும். குழம்ப வேண்டாம்.

குவெட்காரி, தலைகீழ் கிராஃப் போட்டீர்களா? போட்டிருந்தால் மூன்று குழாய் கூடப் போடும் வேலையே மிச்சமாகியிருக்கும்.

குவெட்காரி | பிப்ரவரி 5, இரவு 11.20

சார், போட்டேன். நீங்கள் சொன்னபடி முதல் ஆறு புள்ளிக்கு மட்டும். கிடைத்தது வி-மேக்ஸ் 92, கே-எம் 1.07.

மறுபடி கணக்குப் பார்த்தேன், எண் மாறவில்லை. 6 மில்லிமோலாரில் 54-தான் வந்திருக்கிறது, இதில் 92 எங்கிருந்து வரும்?

அப்புறம் ஒவ்வொரு புள்ளியாக எடுத்துவிட்டுப் பார்த்தேன். 0.05 குழாயை மட்டும் நீக்கினால் மிச்ச ஐந்து புள்ளியில் வி-மேக்ஸ் 59.5, கே-எம் 0.59. ஒரே ஒரு குழாய் மொத்தக் கோட்டையும் சாய்த்திருக்கிறது. அந்தக் குழாயில் சமன்பாட்டின்படி 4.6 வந்திருக்க வேண்டும், எனக்கு 4.0. சாதா கிராஃபில் 0.6 வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. தலைகீழாக்கினால் 0.217 இருக்க வேண்டிய இடத்தில் 0.25. அந்தப் புள்ளி மற்றவற்றைவிட வெகு தூரத்தில், வலது கோடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. நெம்புகோலின் நுனி மாதிரி. கொஞ்சம் தூக்கினால் மறுமுனையில் வெட்டுப்புள்ளி நகர்ந்துவிடுகிறது.

ஆக ஒரே ஆறு அளவிலிருந்து மூன்று கே-எம் படித்துவிட்டேன்: 0.25, 0.6, 1.07.

நேர்கோடு | பிப்ரவரி 6, காலை 7.45

அப்படியானால் அந்தப் புள்ளி தவறானது. தூக்கிப் போடுங்கள். 59.5 வருகிறதே, அதுதான் விடை.

பழைய பெஞ்சு | பிப்ரவரி 6, காலை 8.30

வேண்டாம். விடை பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு குழாயைத் தூக்கிப் போட்டால் நாளை வேறொரு குழாயையும் அப்படியே தூக்குவோம். முதலில் அந்தக் குழாயில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். குவெட்காரி, 0.05 குழாயை எத்தனை நேரம் படித்தீர்கள்? மற்றவற்றை எத்தனை நேரம்?

தலைகீழ் கிராஃப் முறையில் எனக்குப் பெரிய குறை இதுதான். எந்தக் குழாயில் வேகம் மிகக் குறைவோ, அதாவது எங்கே நம் அளவு மிகப் பலவீனமோ, அந்தப் புள்ளிக்கே அது மிகுந்த பலத்தைக் கொடுக்கிறது. தடுப்பான் எந்த வகை என்று மாணவருக்குக் காட்ட நல்ல படம். எண் எடுப்பதற்கு நான் பயன்படுத்துவதில்லை.

குவெட்காரி | பிப்ரவரி 6, மதியம் 12.50

ஐயா கேட்டதும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். மற்ற எல்லாக் குழாயையும் 30 வினாடி. 0.05 குழாயில் 30 வினாடிக்கு மஞ்சள் தெரியவே இல்லை, அளவு 0.04 பக்கம்தான் வந்தது. நம்பிக்கை வராமல் 3 நிமிடம் விட்டுப் படித்து மூன்றால் வகுத்தேன். ஓரத்தில் "3 நிமி" என்று சின்னதாக எழுதியும் வைத்திருக்கிறேன்.

இப்போது யோசித்தால் அந்தக் குழாயில் மொத்தம் இருந்ததே 50 மைக்ரோமோலார் சப்ஸ்ட்ரேட். மூன்று நிமிடத்தில் 12 மைக்ரோமோலார் தீர்ந்துவிட்டது. கால்வாசி போய்விட்டது! தொடக்கத்தில் 50-இல் ஓடிய என்சைம் முடிவில் 38-இல் ஓடியிருக்கிறது. நான் எடுத்தது அந்த மூன்று நிமிடத்தின் சராசரி, ஆரம்ப வேகம் அல்ல. சப்ஸ்ட்ரேட் தீர்ந்துகொண்டே போவதைக் கணக்கில் எடுத்து மூன்று நிமிடச் சராசரி என்னவாக இருக்கும் என்று பார்த்தேன். நிமிடத்துக்கு 4.07. எனக்கு வந்தது 4.0.

6 மில்லிமோலார் குழாயில் இதே மூன்று நிமிடம் விட்டிருந்தாலும் 160 மைக்ரோமோலார்தான் போயிருக்கும், 6000-இல் அது பொருட்டே இல்லை. அதனால் இந்தப் பிழை எல்லாக் குழாயையும் ஒரே மாதிரி இழுக்காது. செறிவு குறைந்த பக்கத்தை மட்டும் கீழே அழுத்தும். தலைகீழ் கிராஃபில் அந்தப் பக்கம்தான் நுனி.

புள்ளியைத் தூக்கிப் போடப்போவதில்லை, மறுபடி எடுக்கப்போகிறேன். ஒரு முறை மட்டும் படிக்காமல் ஐந்து வினாடிக்கு ஒரு அளவாக எடுத்து, கோடு நேராக இருக்கும் பகுதியில் மட்டும் சாய்வு பார்ப்பேன்.

நேர்கோடு | பிப்ரவரி 6, இரவு 9.00

ஒப்புக்கொள்கிறேன். நான் கற்றுக்கொடுக்கும் கணக்குகளில் அளவுகள் எப்போதும் சுத்தமாக வரும், அதனால் இந்த நெம்புகோல் விஷயம் என் கண்ணில் பட்டதில்லை. ஆனாலும் கையால் வளைகோடு இழுப்பதைவிட என் முறை மேல் என்பதில் மாற்றமில்லை. வளைகோட்டில் 0.25, என் கோட்டில் 1.07. இரண்டும் தப்புதான், ஆனால் என் கோடு குறைந்தபட்சம் வி-மேக்ஸை அளந்த எண்ணைவிட மேலே வைத்தது.

இன்னொன்று. கே-எம் குறைந்தால் ஈர்ப்பு அதிகம். இதையாவது மறுக்க மாட்டீர்களே?

பழைய பெஞ்சு | பிப்ரவரி 7, காலை 6.15

வி-மேக்ஸ் பற்றிச் சொன்னது நியாயம். ஈர்ப்பு பற்றிச் சொன்னது பாதி நியாயம்.

என்சைமும் சப்ஸ்ட்ரேட்டும் சேர்வதும் பிரிவதும் வெகு வேகமாக நடந்து, விளைபொருளாக மாறும் படி மட்டும் மெதுவாக இருந்தால் கே-எம் ஈர்ப்பின் அளவே. 1913-இல் மைக்கேலிஸும் மென்டனும் இப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். 1925-இல் பிரிக்ஸும் ஹால்டேனும் அந்த நிபந்தனை தேவையில்லை என்று காட்டியபின் கே-எம்முக்குள் மாறும் படியின் வேகமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அல்கலைன் பாஸ்ஃபடேஸில் இன்னும் சிக்கல். பாஸ்ஃபேட் முதலில் என்சைமின் ஒரு செரினில் ஒட்டிக்கொள்கிறது, பிறகுதான் கழல்கிறது. கடைசிப் படி மெதுவானால் என்சைமில் பெரும்பகுதி ஒட்டியபடியே காத்திருக்கும். குறைந்த சப்ஸ்ட்ரேட்டிலேயே நிரம்பிவிட்டது போல் தெரியும், கே-எம் சின்னதாக வரும். உண்மையான ஈர்ப்பு அவ்வளவு இருக்காது. கிராஃப் சொல்வது பாதி வேகத்துக்கு எவ்வளவு சப்ஸ்ட்ரேட் வேண்டும் என்பது மட்டும். அதற்கு ஈர்ப்பு என்று பெயர் வைப்பதற்கு வேறு சோதனை வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தம்பி, உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது. வினாத்தாளில் வரைபடத்தைக் கேள்வி எடுத்தவர் வரைகிறார். அச்சு எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். உச்சத்தில் கோடு நீளமாகப் படுத்திருந்தால், அல்லது உச்சத்தைப் புள்ளிக்கோட்டால் காட்டியிருந்தால் அதையே வாசியுங்கள், பிழையில்லை. கோடு கடைசி வரை ஏறிக்கொண்டே போய்த் தாள் முடிந்தால், கடைசிப் புள்ளியை உச்சம் என்று எழுதாதீர்கள்.

யாழ்ப்பாணத்துப் பொடியன் | பிப்ரவரி 7, மாலை 3.30

விளங்கீட்டுது ஐயா. எங்கட புத்தகத்தில கோடு நல்லா நீளமாப் படுத்திருக்கு. அரைவாசி எடுக்கேக்க நான் கிடை அச்சின்ர அரைவாசியை எடுத்திட்டன், போன பரீட்சையில அதுக்குத்தான் புள்ளி போனது. உச்ச வேகம் 80 எண்டா செங்குத்தில 40-க்குப் போய், கோட்டில முட்டி, அங்கயிருந்து கீழ இறங்க வேணும்.

குவெட்காரி | பிப்ரவரி 8, இரவு 10.00

தம்பி சரியாகச் சொல்லிவிட்டான். எனக்கும் முதல் வருடத்தில் அதே குழப்பம் இருந்தது.

ஐயா 1913 என்று சொன்னதால் அவர்கள் வி-மேக்ஸை எப்படிப் படித்தார்கள் என்று தேடினேன். அவர்கள் எடுத்தது இன்வர்டேஸ், சப்ஸ்ட்ரேட் சர்க்கரை. சாதா கிராஃபின் தட்டையை நம்பவே இல்லை! கிடை அச்சில் செறிவின் லாகரிதத்தைப் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டால் கோடு எஸ் வடிவத்தில் வருகிறது. நடுவில் மிகச் செங்குத்தாக இருக்கும் இடத்தின் சாய்வு வி-மேக்ஸைப் போல 0.576 மடங்கு. உச்சியை எட்டாமலேயே நடுப்பகுதியின் சாய்விலிருந்து உச்சியைக் கண்டுபிடிக்கலாம். சர்க்கரைக்கு அவர்களுக்குக் கிடைத்த மாறிலி 0.0167 மோலார்.

என் எண்களில் செய்து பார்த்தேன். செறிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் இரண்டிரண்டு குழாய்களுக்கு இடையே வேக வித்தியாசத்தை லாக் வித்தியாசத்தால் வகுத்தேன். 0.2-க்கும் 0.4-க்கும் இடையே 28.9. 0.4-க்கும் 0.8-க்கும் இடையே 34.2. 0.8-க்கும் 1.5-க்கும் இடையே 31.1. அதற்கு மேல் 25.6-ஆக விழுகிறது. மிகச் செங்குத்து 34.2. அதை 0.576-ஆல் வகுத்தால் 59.4. அதன் பாதி 29.7, சாதா கிராஃபில் குறுக்கே போனால் 0.6-இல் இறங்குகிறது.

ஆனால் ஒன்று கவனித்தேன். முதல் ஆறு குழாய் மட்டும் இருந்திருந்தால் 34.2-தான் உச்சச் சாய்வு என்று எனக்குத் தெரிந்திருக்காது. அடுத்த இடைவெளியில் குறைகிறது என்று 1.5 குழாய் காட்டியபிறகுதான் நடுவைத் தாண்டிவிட்டோம் என்று சொல்ல முடிந்தது. எந்த வழியில் போனாலும் கே-எம்முக்கு இரு பக்கமும் குழாய் வேண்டும்.

குவெட்காரி | பிப்ரவரி 9, மதியம் 2.15

கணினியில் வளைகோட்டையே நேராகப் பொருத்தியும் பார்த்தேன். S, v இரண்டிலும் அளவுகளைப் போட்டபின் இவ்வளவுதான்:

```
from scipy.optimize import curve_fit

def mm(s, V, K):
    return V * s / (K + s)

p, c = curve_fit(mm, S, v, p0=[50, 0.5])
print(p, c.diagonal() ** 0.5)
```

பழைய 4.0-ஐயும் வைத்துக்கொண்டு ஒன்பது குழாய்க்கும் வி-மேக்ஸ் 59.9, கே-எம் 0.60. வி-மேக்ஸின் தவறு வரம்பு 0.3 அல்லது 0.4. முதல் ஆறு குழாய்க்கு மட்டும் பொருத்தினால் 60.4, 0.61, ஆனால் வரம்பு 2-ஐ ஒட்டி. அந்த 0.05 குழாயால் இங்கே பெரிய கெடுதல் இல்லை, தலைகீழாக்காததால் அதற்கு அளவுக்கு மீறிய பலம் கிடைக்கவில்லை. மூன்று குழாய் கூடப் போட்டதில் எண் நகரவில்லை, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் ஐந்து மடங்கு மாறியிருக்கிறது.

பிப்ரவரி 4-இல் "என்சைம் பாழாகவில்லை" என்று தோழியிடம் சண்டை போட்டேன். வி-மேக்ஸ் சீனியர் ரெக்கார்டில் 71, எனக்கு 60. கே-எம் இரண்டு பேருக்கும் 0.6. ஒரே குப்பி, ஒரே அளவு ஊற்றியிருந்தால் வருடத்தில் ஆறில் ஒரு பங்கு என்சைம் செத்திருக்கிறது. அவள் சொன்னதிலும் உண்மை இருந்திருக்கிறது, கே-எம்முக்கு மட்டும் அது காரணமில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன்.

நேர்கோடு | பிப்ரவரி 9, இரவு 8.40

ஒன்பது குழாய்க்கும் என் முறையைப் போட்டால் என்ன வருகிறது?

குவெட்காரி | பிப்ரவரி 9, இரவு 9.05

0.05 குழாயைப் புதிதாக எடுத்தபிறகு போடுகிறேன் சார். பழைய எண்ணோடு போட்டால் அந்த நுனி மறுபடி கோட்டை இழுக்கும்.

குவெட்காரி | பிப்ரவரி 11, இரவு 10.30

புதுச் சிக்கல். தோழி இன்று அவளே தனியாக ஒன்பது குழாயும் போட்டாள், எல்லாம் 30 வினாடிக்குள், 6 மில்லிமோலார் வரை. வி-மேக்ஸ் 59. கே-எம் 1.1.

இந்த முறை தாளின் ஓரமும் காரணமில்லை, நேரமும் காரணமில்லை. அவளுடைய வேக அளவுகளைப் பார்த்தேன், செறிவு குறைந்த குழாய்களில் எல்லாம் என்னுடையதில் பாதியை ஒட்டி இருக்கிறது, 6-இல் மட்டும் நெருங்கி வருகிறது. பிஹெச் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், சரிபார்த்தோம்.

பழைய பெஞ்சு | பிப்ரவரி 12, காலை 5.40

உச்சம் அப்படியே, கே-எம் மட்டும் ஏறுகிறது என்றால் சப்ஸ்ட்ரேட்டின் இடத்தில் வேறு ஏதோ போட்டியிட்டு உட்கார்கிறது. சப்ஸ்ட்ரேட்டை அள்ளிப் போட்டால் அது விலகிவிடும், அதனால்தான் 6-இல் நெருங்குகிறது. இந்த என்சைமுக்கு மிகப் பழக்கமான போட்டியாளர் அதன் சொந்த விளைபொருளே, வெறும் பாஸ்ஃபேட். எங்காவது பாஸ்ஃபேட் கலந்திருக்கிறதா பாருங்கள். பஃபர், நீர்த்த கரைசல், குழாய் கழுவிய சோப்பு, எதுவும் விலக்கல்ல.

பஃபர் பாட்டில் மாறியிருந்தால் அதையும் எழுதுங்கள். ட்ரிஸ்ஸும் டையெத்தனாலமினும் இந்த என்சைமின் வேகத்தையே மாற்றும், பாஸ்ஃபேட்டை வாங்கிக்கொள்ளக்கூடியவை அவை.

குவெட்காரி | பிப்ரவரி 12, இரவு 9.50

பஃபர் இரண்டு பேருக்கும் ஒரே பாட்டில். சப்ஸ்ட்ரேட் ஒரே நாள் கரைத்தது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: நான் புதுப் பிளாஸ்டிக் குழாய், அவள் கழுவிய கண்ணாடிக் குழாய்.

மாலையில் என் குழாய்களில் வேண்டுமென்றே கொஞ்சம் பாஸ்ஃபேட் சேர்த்துப் பார்த்தேன். ஐயா சொன்னது போலவே, குறைந்த செறிவில் வேகம் விழுந்தது, உச்சம் அசையவில்லை. ஆக அப்படி நடக்க முடியும். அவளுக்கு அதுதான் நடந்ததா என்பது வேறு. பஃபரில் பாஸ்ஃபேட் உண்டா என்று மாலிப்டேட் சோதனை செய்தோம். இளநீலம் வந்தது, சந்தோஷப்பட்டோம். ஒப்பீட்டுக்கு வைத்த வெறும் தண்ணீரிலும் அதே இளநீலம்.

சோதனையையும் அவள் கழுவிய கண்ணாடிக் குழாயில்தான் செய்திருக்கிறோம். குழாய்களை அமிலத்தில் ஊறப்போட்டுவிட்டு வந்தோம். நாளை காலை அலசிக் காயவைத்து, தண்ணீரை முதலில் சோதிப்போம், அப்புறம் பஃபர்.